பத்தொன்பது வயதென்று சொன்ன பையன்

*அன்புள்ள சட்டத்தரணி அக்காவுக்கு,*

*நான் பல்கலைக்கழக மாணவி. போட்டி ஒன்றுக்காகச் சிறுகதை எழுதுகிறேன். கதையில் வரும் செந்தூரனுக்குப் பதினைந்து வயதும் ஏழு மாதமும். தந்தை சீவல் தொழிலாளி. பனையால் விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். தாய் நுண்கடன் தவணை கட்ட வேண்டும். பையன் தன் பெரியம்மாவின் மகன் கபிலனின் அடையாள அட்டைப் பிரதியைக் காட்டி, "எனக்குப் பத்தொன்பது" என்று சொல்லி, யாழ்ப்பாண நகரில் ஒரு கட்டடப் பொருள் கடையில் சேர்கிறான். காலை ஏழரை முதல் இரவு ஏழு வரை சீமெந்தும் கம்பியும் ஏற்றி இறக்கும் வேலை. மற்றப் பொடியன்களுக்கு நாளுக்கு 2,500 ரூபாய், அவனுக்கு 1,500. வாரம் ஆறு நாளுக்கு 9,000 வர வேண்டும். முதலாளி 7,500 கொடுத்துவிட்டு மிச்சத்தைப் "பிடிப்பு" என்று வைத்துக்கொள்கிறார். ஐந்து வாரம் இப்படிப் போகிறது. அடுத்த பதினொரு நாளுக்குச் சம்பளமே இல்லை. 41ஆம் நாள் அவனுடைய கணித ஆசிரியர் கடைக்கு வந்து, உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். "ஏமாற்றிவிட்டாய், பொலிசில் கொடுப்பேன், ஒரு சதமும் கிடையாது" என்று முதலாளி துரத்துகிறார். மொத்தம் 24,000 ரூபாய் நிற்கிறது.*

*பதினான்கு வயது கடந்தால் வேலை செய்யலாம் என்றுதான் படித்திருக்கிறேன். அப்படியானால் முதலாளி எதற்குப் பயப்பட வேண்டும்? பையனைச் சிறையில் போடுவார்களா? பொய் சொன்னவன் என்பதால் சம்பளம் கேட்க முடியாதுதானே? கபிலனுக்கு ஏதும் வருமா? கதை, செந்தூரன் மழையில் நனைந்து வீடு திரும்புவதோடு முடிகிறது. சட்டப்படி இது சரியா?*

*— வாசகி, வலிகாமம்*

அன்புள்ள தங்கைக்கு,

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி காணிச் சண்டை, மீதி சீதன வழக்கு. கதைக்குச் சட்டம் கேட்டு வந்த கடிதம் இதுதான் முதல் என்பதால் சந்தோஷத்தோடு பிரித்தேன். இரண்டாம் தடவை வாசித்தபோது ஒன்று உறுத்தியது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கேட்டதற்கு வருகிறேன்.

பதினான்கா, பதினாறா?

நீங்கள் படித்தது தவறில்லை, பழையது. பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகளின் தொழில் பற்றிய சட்டம் 1956இல் வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதில் எல்லை பதினான்காக இருந்தது. பாடசாலைப் புத்தகங்களிலும் பழைய கையேடுகளிலும் அந்த எண் இன்னும் குந்திக்கொண்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் எல்லையைப் பதினாறாக உயர்த்திவிட்டது. இதற்கு ஒரு முன்கதை உண்டு. கட்டாயக் கல்வி வயதைப் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தும் ஒழுங்குவிதி 2016இலேயே வந்துவிட்டது. ஆகவே ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு விசித்திரமான இடைவெளி இருந்தது: பதினைந்து வயதுப் பிள்ளை பாடசாலையில் இருந்தே ஆக வேண்டும் என்றது ஒரு சட்டம், வேலைக்குப் போகலாம் என்றது இன்னொரு சட்டம். 2021இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

உங்கள் செந்தூரன் இந்த எல்லைக்கு ஐந்து மாதம் உள்ளே நிற்கிறான். அந்த ஐந்து மாதமும் ஓடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பதினாறு நிறைந்தவரைச் சட்டம் "இளம் ஆள்" என்கிறது. பதினெட்டு வரை அவரை ஆபத்தான தொழில்களில் சேர்க்கக் கூடாது. அவை எவை என்று வர்த்தமானியில் தனிப் பட்டியல் இருக்கிறது. ஒரு சீமெந்து மூட்டை 50 கிலோ. பதினைந்து வயதுப் பையனின் உடல் நிறையே ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். தன் நிறையையே தோளில் தூக்கி, லொறியின் பலகையில் ஏறி இறங்கும் வேலைக்கு ஒரு பிள்ளையைச் சேர்ப்பவர், வயதை மட்டும் பார்த்துவிட்டு அந்தப் பட்டியலைப் பார்க்காமல் விட முடியாது.

ஆகவே கதையில் முதலாளியின் பயம் நியாயமான பயம். "பொலிசில் கொடுப்பேன்" என்று அவர் கத்துகிறார். ஆனால் பொலிஸ் வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பிள்ளையை வேலைக்கு வைப்பது முதலாளியின் குற்றம், வேலை செய்வது பிள்ளையின் குற்றம் அல்ல. அவருடைய சத்தத்துக்குள் இருக்கும் நடுக்கத்தை உங்கள் கதை காட்டவில்லை. எழுதியவருக்கே அது தெரிந்திருக்கவில்லை என்பதுதான் காரணம்.

"எனக்குத் தெரியாது, பையன் அட்டை காட்டினான்" என்று அவர் சொல்லுவார். சொல்லட்டும். கடிதத்தில் நீங்களே ஒரு சாட்சியை வைத்திருக்கிறீர்கள், கவனித்தீர்களா? பத்தொன்பது வயதென்று உண்மையில் நம்பிய ஒருவர், அதே மூட்டையைத் தூக்கும் மற்றப் பொடியன்களுக்கு 2,500 கொடுத்துவிட்டு இவனுக்கு மட்டும் 1,500 கொடுத்தது எதற்கு? வயது குறைவு என்று கண் சொல்லிவிட்டது. கணக்கும் அதன்படியே நடந்தது. நான் பையனுக்காக நின்றால், முதலாளியிடம் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். மீசை முளைக்காத முகத்தையும் பத்தொன்பது வயது அட்டைப் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு 41 நாள் இருந்தது. மூல அட்டையைக் கொண்டுவா என்று ஒருநாளும் கேட்கவில்லை. பிரதியில் படம் கறுத்துப் போயிருக்கும், அது அவருக்கு வசதி.

அட்டையில் இருக்கும் இலக்கம்

இந்த இடத்தில் கதாசிரியருக்கு ஒரு யோசனை. கணித ஆசிரியர் தற்செயலாகக் கடைக்கு வருவது பரவாயில்லை, யாழ்ப்பாணம் சின்ன ஊர், நடக்கக்கூடியதுதான். ஆனால் இப்படிப்பட்ட பொய்கள் பெரும்பாலும் ஆளைக் கண்டு உடைவதில்லை, இலக்கத்தில்தான் உடைகின்றன.

2016 முதல் வழங்கப்படும் அடையாள அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள் உண்டு. முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த எண்ணோடு 500 கூட்டியிருக்கும். கணக்குப் போடும்போது பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைக்க வேண்டும், நெட்டாண்டு இல்லாவிட்டாலும். கபிலனின் அட்டையில் 2006க்குப் பிறகு 196 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் முடிய 182 நாள், மீதி 14. ஆகவே ஜூலை 14.

இனிக் காட்சியைப் பாருங்கள். கடையில் கணக்கு எழுதும் அம்மா ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தை நிரப்புகிறார். தலையை நிமிர்த்தாமல், "தம்பி, பிறந்த திகதி?" என்கிறார். பையன் வாயில் தன்னுடைய ஐப்பசி மாதத் திகதி வந்துவிடுகிறது. ஆண்டை மட்டும் கவனமாக மாற்றிச் சொல்கிறான், 2006 என்று. அதைத்தான் வழி நெடுகப் பாடமாக்கிக்கொண்டு வந்தான். நாளைப் பாடமாக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அம்மாவின் பேனை 196இல் நிற்கிறது. இருபது ஆண்டு படிவம் நிரப்பியவருக்கு விரல் விடாமலே தெரியும், 196 ஐப்பசிக்குள் வராது. அவர் எதுவும் சொல்லவில்லை. படிவத்தை மடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டு, "சாப்பிட்டுவிட்டாயா?" என்று கேட்கிறார். அதற்கு முன் நாற்பது நாளும் அவர் அவனை "நீங்கள்" என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

இன்னொரு பிழையும் உண்டு. செந்தூரனுக்குச் சொந்தமாக அட்டை இல்லை என்ற எண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. இப்போது பதினைந்து வயதிலேயே அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு அது தேவை என்பதால் அதிபர் ஊடாகவே விண்ணப்பம் போகும். ஆகவே அவனிடம் சொந்த அட்டை இருக்கும், அல்லது வந்துகொண்டிருக்கும். காட்ட முடியாததற்குக் காரணம் அதன் முதல் நான்கு இலக்கங்கள். வேலைக்குப் போகும்போது அதை எங்கே ஒளித்துவைத்தான் என்பதில் உங்களுக்கு ஒரு நல்ல பந்தி இருக்கிறது.

கபிலனும் பொலிசும்

இந்தக் கேள்வியில் உங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக உண்மையைக் குறைக்க மாட்டேன். இன்னொருவரின் அடையாள அட்டையைத் தன்னுடையது என்று காட்டுவது குற்றம். தெரிந்தே கொடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு. பையன் பெரியம்மா வீட்டில் கிடந்த பிரதியைக் கேட்காமல் எடுத்தானா, அல்லது கபிலனே கொடுத்தானா என்பது இங்கே முக்கியமாகிறது. உங்கள் கடிதத்தில் அது இல்லை. நல்லவேளையாக இலக்கத்தைத் திருத்திப் பிரதி எடுக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் போலி ஆவணம் என்ற வேறு பாரமான கதவு திறந்திருக்கும். கதைக்குச் சுவை கூட்ட அப்படி மாற்றிவிடாதீர்கள்.

வயதைப் பொறுத்தவரை, தண்டனைச் சட்டக்கோவையின் 2018 திருத்தத்துக்குப் பிறகு பன்னிரண்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடையில் பிள்ளையின் பக்குவத்தைப் பார்ப்பார்கள். செந்தூரன் பதினான்கைக் கடந்தவன். ஆகவே வழக்கே வராது என்று நான் எழுதித் தர மாட்டேன். ஆனால் சிறை என்ற பேச்சு முதலாளியின் வாயில் பிறந்தது. பதினாறுக்குக் கீழ்ப்பட்டவரின் விடயத்தை நீதவான் சிறுவர் நீதிமன்றமாக அமர்ந்துதான் பார்ப்பார். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுப்பார். அந்த அறிக்கையில் எழுதப்படப்போவது இடுப்பு முறிந்த தந்தை, நுண்கடன் தவணை, 50 கிலோ மூட்டை ஆகியவைதான். "அச்சுவேலி நன்னடத்தைப் பாடசாலைக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று எங்கள் ஊரில் பிள்ளைகளை வெருட்டுவது வழக்கம். வீட்டில் தாயும் தகப்பனும் இருக்க, முதல் தடவை, பசிக்காகச் சொன்ன பொய்க்கு ஒரு பையனை அங்கே அனுப்புவது கடைசி வழியாகக்கூட நீதவானுக்குத் தோன்றுவது அரிது.

ஏமாற்று என்று முதலாளி முறையிட்டால், ஏமாந்து அவர் எதை இழந்தார் என்று கேட்பேன். 41 நாள் உழைப்பைப் பெற்றுக்கொண்டார், அதில் பதினாறு நாளுக்குச் சமமான பணத்தை இன்னும் கொடுக்கவில்லை. கணக்கில் இழப்பு இருப்பது மறுபக்கத்தில்.

கபிலனுக்கு வரும் தொல்லை வழக்கைவிடக் கடதாசியில்தான் அதிகம். அந்தப் படிவம் போயிருந்தால், தொழிலாளியிடம் பிடிக்கும் 8 வீதமும் முதலாளி போடும் 12 வீதமும் கபிலனின் இலக்கத்தில் விழுந்திருக்கும். அவன் ஏற்கெனவே எங்கேயாவது வேலை செய்தால், ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் வேலை செய்தவனாகப் பதிவு காட்டும். இன்னும் மோசமான ஒன்றையும் யோசித்துப் பாருங்கள். லொறியிலிருந்து கம்பிக்கட்டு சரிந்து பையனின் காலில் விழுந்திருந்தால், கடையிலிருந்து கொண்டுபோனவர்கள் ஆஸ்பத்திரியில் எந்தப் பெயரைக் கொடுத்திருப்பார்கள்? காயப்பட்டவன் ஒருவன், நட்டஈட்டுப் பத்திரத்தில் இன்னொருவன். ஒரு தாய் தன் மகனுக்கு நேர்ந்த விபத்தை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அலைந்திருப்பாள்.

பொய் சொன்னவனுக்குச் சம்பளம்

"முடியாதுதானே?" என்று நீங்களே பதிலையும் எழுதிவிட்டீர்கள். இதுதான் கடிதத்தில் உள்ள பெரிய பிழை. பலர் இப்படித்தான் நம்புகிறார்கள், முதலாளிமாரும் நம்ப வைக்கிறார்கள்.

பதினெட்டு நிறையாதவர் பெற்றோரின் சம்மதமில்லாமல் செய்யும் ஒப்பந்தம் அவரைக் கட்டாது என்பது எங்கள் ரோமன் டச்சுச் சட்டத்தின் பொது விதி. வயதைக் கூட்டிச் சொல்லி மற்றவரை நம்பவைத்தால், அந்தப் பாதுகாப்பு தளரலாம் என்ற கருத்தும் அதே சட்டத்தில் உண்டு. முதலாளியின் சட்டத்தரணி அதைத் தூக்கிக்கொண்டு வருவார். ஆனால் அந்த விதி இருப்பது, பொய் சொல்லிப் பொருளை வாங்கிவிட்டுப் பணம் கொடுக்க மறுக்கும் இளைஞரைத் தடுப்பதற்கு. இங்கே பொருளைக் கொடுத்தவன் பையன். சுமந்த மூட்டைகள் திரும்பி லொறிக்குப் போகப் போவதில்லை. பிள்ளையைக் காப்பாற்ற வந்த வயதெல்லையைக் காட்டி, அதே பிள்ளையின் கூலியை விழுங்க முதலாளியை விட்டால், சின்னப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்குவது இன்னும் மலிவாகிவிடும். என் வாதம் இது. தொழில் உத்தியோகத்தர் முன்னிலையில் இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

பிடிப்பு என்பதும் சட்டத்தில் இல்லாத சாமான். கடை, காரியாலய ஊழியர் சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர, "ஓடிவிடாமல் இருக்க" என்று வாரத்துக்கு 1,500 ரூபாயை மடியில் கட்டிக்கொள்ள ஒருவருக்கும் உரிமை இல்லை. அதே சட்டம் ஒரு நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்று வரையறை செய்கிறது. அதற்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு. ஏழரைக்கு வந்து ஏழுக்குப் போகிறான். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தாலும் நாளுக்கு இரண்டரை மணித்தியாலம் கூட. 1,500ஐ எட்டால் வகுத்து, ஒன்றரையால் பெருக்கி, இரண்டரை மணிக்குப் பார்த்தால் நாளுக்கு ஏறத்தாழ 700 ரூபாய் வருகிறது. 41 நாளுக்கு 28,000க்கு மேல். முதலாளி மறுப்பது 24,000; கேட்கக்கூடியது 50,000ஐத் தாண்டுகிறது. பிள்ளையிடம் மேலதிக நேரம் வாங்கவே கூடாது, அதனால் கொடுக்கவும் தேவையில்லை என்று வாதாட வந்தால், அவர் தன் குற்றத்தைத் தானே எழுதிக் கொடுக்கிறார்.

இதில் உண்மையான சிக்கல் உரிமையில் இல்லை, நிரூபணத்தில்தான். நியமனக் கடிதம் இருக்காது. சாமான் இறக்கிய இடங்களில் விநியோகப் புத்தகத்தில் பையன் கையெழுத்து வைத்திருப்பான், ஆனால் "கபிலன்" என்று. ஆகவே முறைப்பாட்டில் முதல் வேலை, அந்தக் கபிலன் நான்தான் என்று சொல்வது. பொய்யை மறைத்துக்கொண்டு பணத்தை மட்டும் கேட்கப் போனால், முதல் விசாரணையிலேயே முதலாளி அட்டைப் பிரதியை மேசையில் போடுவார், பையன் வாய் திறக்க முடியாமல் நிற்பான். முதல் வரியிலேயே நாமே சொல்லிவிட்டால் அவருடைய ஒரே ஆயுதம் போய்விடுகிறது. பிறகு மிச்சமெல்லாம் எங்கள் பக்கம்: கையெழுத்தின் சாயல், தொலைபேசியில் "நாளைக்கு வெள்ளனவே வா, லொறி வரும்" என்று முதலாளி அனுப்பிய செய்திகள், கூட வேலை செய்த பொடியன், ஏன், அந்தக் கணித ஆசிரியரும்தான். கடையில் அவனைக் கண்ட ஒரே வெளியாள் அவர்.

எங்கே போவது

கதைக்கு இந்தப் பகுதி தேவையில்லை என்று எண்ணினீர்களானால் தாண்டிப் போங்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் தொழில் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் கட்டாயம் இல்லை. தாய் பையனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தொழில் உத்தியோகத்தர் இரு பகுதியையும் அழைத்து விசாரிப்பார், கடையின் வரவுப் பதிவைக் கேட்பார். கட்டளை இட்டும் கொடுக்காவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்: வயதைக் கேட்டவுடன் உத்தியோகத்தர் இரண்டாவது கோப்பையும் திறப்பார். பிள்ளையை வேலைக்கு வைத்த குற்றத்தைக் காணாதது போல அவர் இருக்க முடியாது. தாயிடமும் கேள்வி வரும். தாய்மார் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரை முதலில் சந்தித்து, குடும்ப நிலையைச் சொல்லி, அவருக்கும் தெரியத் தொழில் அலுவலகத்துக்குப் போவது நல்லது. அஸ்வெசும கொடுப்பனவு அந்த வீட்டுக்கு வருகிறதா, மாற்றுத்திறனாளிக்கான உதவி தந்தைக்குக் கிடைக்குமா என்பதையும் அந்தக் கட்டடத்திலேயே கேட்கலாம். 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கமும் இருக்கிறது. அது அவசரத்துக்கு: முதலாளி ஆள் அனுப்பி வெருட்டினால், பையனில் கை வைத்தால்.

மத்தியஸ்த சபைக்குப் போகலாமே என்று அயலவர் சொல்லுவார்கள். 24,000 ரூபாய்த் தகராறுக்கு அது பொருத்தமான இடம்தான். ஆனால் அங்கே "பதினைந்தாயிரம் தருகிறேன், வெளியில் பேசக் கூடாது" என்ற பேரம் வரும். பணத்துக்கு உடன்படுங்கள், வாயை அடைக்கும் நிபந்தனைக்கு உடன்பட வேண்டாம். அடுத்த மாதம் அதே லொறிக்கு இன்னொரு பையன் வருவான்.

முதலாளியின் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, பணத்தை நீட்டி, வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் வைக்க வேண்டாம். எதில் கையெழுத்து வைத்தாலும் தொகையும் திகதியும் எழுத்தில் இருக்க வேண்டும், பையன் தன் சொந்தப் பெயரில் வைக்க வேண்டும். 41 நாள் இன்னொருவன் பெயரை எழுதிப் பழகிய கை. மழையில் நனைந்து வீடு திரும்புவதைவிட, தொழில் அலுவலக மேசையில் பேனையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கை ஒரு கணம் நிற்பது உங்கள் கதைக்குப் பொருத்தமான முடிவு என்று எனக்குப் படுகிறது. அது உங்கள் விருப்பம், நான் கதை எழுதுகிறவள் இல்லை.

இனி, உறுத்தியதைச் சொல்கிறேன். கதை எழுதுகிறவர்கள் சம்பளப் பாக்கி என்று எழுதுவார்கள், "சில ஆயிரங்கள்" என்று எழுதுவார்கள். ஐந்து வாரப் பிடிப்பு 7,500, பதினொரு நாள் 16,500, மொத்தம் 24,000 என்று ஒரு ரூபாய் பிசகாமல் பொருந்த எழுதுவது, அந்தக் காசுக்காகக் காத்திருக்கும் வீட்டில் இருந்து மட்டுமே முடியும். உங்கள் கேள்விகளிலும் கதையின் நடை பற்றி ஒன்றும் இல்லை. பையனைப் பிடிப்பார்களா, கபிலனுக்கு ஏதும் வருமா என்பதுதான் இருக்கிறது.

நான் நினைப்பது பிழை என்றால் மன்னித்துவிட்டுக் கதையைப் போட்டிக்கு அனுப்புங்கள். பிழை இல்லை என்றால் இதை மட்டும் செய்யுங்கள். பையன் தொலைபேசியில் இருக்கும் செய்திகளை அழிக்க விடாதீர்கள். வேலைக்குப் போன நாட்களை, நினைவு இருக்கும்போதே, ஒரு கொப்பியில் திகதி வாரியாக எழுத வையுங்கள். எந்த நாள் எந்த ஊருக்குச் சாமான் இறக்கப் போனான் என்பதையும் சேர்த்து. கூலிப் பாக்கிக்குக் காலக்கெடு உண்டு, ஆகவே பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். திங்கட்கிழமையே அவன் பாடசாலைக்குத் திரும்பட்டும். பதினாறு நிறையாத பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும் என்பது அதிபருக்கும் தெரிந்த சட்டம்தான், அந்தக் கணித ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், அவர் கூட வருவார். சட்டத்தரணிக்குப் பணம் இல்லை என்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அங்கே போக விருப்பம் இல்லை என்றால் இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு எனக்கு எழுதுங்கள், நாள் தருகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பையனின் பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதி வேண்டும், நிழற்பிரதி போதாது.